மாத்திரை போட்டாச்சா? – சுவரில் ஒட்ட வேண்டிய பெரிய எழுத்துத் தாள்

டிமென்ஷியா உள்ள ஒருவரிடம் "மாத்திரை போட்டாச்சா?" என்று கேட்டால், பெரும்பாலும் "அப்பவே போட்டாச்சே" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை போடும் பல வருடப் பழக்கம் மனதில் இருக்கிறது. இன்று போட்டோமா என்பது மட்டும் பதியவில்லை. டிமென்ஷியாவில் அதிகம் காணப்படும் வகையான அல்சைமர் நோய், புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் மூளைப் பகுதியைத்தான் முதலில் பாதிக்கிறது. அதனால் கல்யாணத்தன்று யார் யார் வந்தார்கள் என்பது வரிசையாக வரும். பத்து நிமிடத்துக்கு முன் நடந்தது வராது. அவருடைய "போட்டாச்சு"வை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது.

சரி, கவனித்துக்கொள்பவருக்காவது நினைவிருக்குமா? காலையில் மருமகள், பகலில் உதவிக்கு வரும் அக்கா, இரவில் மகன் என்று மூன்று பேர் மாறி மாறிப் பார்க்கும் வீட்டில், ஒவ்வொருவரும் மற்றவர் கொடுத்திருப்பார் என்று நினைத்தால் மருந்து விட்டுப்போகும். கொடுத்திருக்க மாட்டார் என்று நினைத்தால் இரண்டு முறை போகும். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோரைப் பார்த்துக்கொள்வது வீட்டு மனிதர்கள்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையில் மருந்துப் பதிவேடு இருக்கிறது. வீட்டில் அந்த இடத்தை நிரப்ப வேண்டியது ஒரு தாள். அதை எப்படித் தயாரிப்பது, எங்கே தவறும் என்பதை ஒரு வீட்டை வைத்தே பார்ப்போம்.

மஞ்சள் பையில் தொடங்குங்கள்

திருச்சி உறையூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பாட்டிக்கு 76 வயது. அல்சைமர் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்கு முன்பே சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு. நரம்பியல் மருத்துவர் ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், காய்ச்சல் தலைவலிக்குத் தெருமுனை டாக்டர் என்று மூன்று பேரின் சீட்டுகள் அந்த வீட்டில் இருக்கின்றன.

தாள் எழுத உட்காரும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் பாட்டிக்கென்று இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு மஞ்சள் பையில் போட வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் இருப்பது, தலையணைக்கடியில் இருப்பது, மகள் ஊரிலிருந்து கொண்டுவந்த சூரணம், தூக்கத்துக்கென்று எப்போதோ வாங்கியது, சளி மாத்திரை எல்லாமே. பிறகு மேஜையில் பரப்பி, ஒவ்வொரு அட்டையிலும் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை எழுத வேண்டும். எழுத்து கண்ணுக்கு எட்டாவிட்டால் செல்போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினால் தெரியும்.

உறையூர் வீட்டில் இப்படி எழுதியபோதே ஒரு சிக்கல் வெளியே வந்தது. சர்க்கரை டாக்டர் காலையில் எழுதியிருந்தது கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த ஒரே மாத்திரை. மூன்று மாதத்துக்கு முன் காய்ச்சலுக்குப் பார்த்த தெருமுனை டாக்டர், பாட்டியின் பழைய மருந்துகளையும் சேர்த்துப் புதுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதில் காலைக்குத் தனியாக மெட்ஃபார்மின், வேறு கம்பெனிப் பெயரில். அட்டைகள் வேறு, பெயர்கள் வேறு. உள்ளே இருந்த மருந்து ஒன்றே. தினமும் காலையில் மெட்ஃபார்மின் இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருந்தது. பாட்டியின் வயிற்றுப்போக்குக்கு எல்லோரும் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மெட்ஃபார்மின் அதிகமானால் வயிறு கெடுவது சாதாரணம்.

இப்படி எதுவும் தென்பட்டால் நாமாக நிறுத்திவிடாமல், அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும். சர்க்கரை டாக்டர் "சேர்ந்த மாத்திரை மட்டும் போதும்" என்றார். பட்டியலில் ஆறு வேளை மருந்து மிஞ்சியது.

பையிலிருந்த சளி மாத்திரையையும் கவனிக்க வேண்டும். கடையில் சளிக்குக் கேட்டால் கிடைக்கும் பல கூட்டு மாத்திரைகளில் குளோர்ஃபெனிரமின் இருக்கும். மறதிக்குக் கொடுக்கும் டோனெபெசில், மூளையில் அசிட்டைல்கோலின் என்ற பொருள் கரைந்துபோகாமல் காக்கிறது. குளோர்ஃபெனிரமின் அதே பொருளின் வேலையைத் தடுக்கிறது. ஒரு கையால் கொடுத்ததை மறு கை பிடுங்குகிறது. குழப்பம் கூடும், தூக்கக் கலக்கத்தில் விழுவதும் நடக்கும். அதனால் தாளின் அடியில் ஒரு வரி: "சளி, அலர்ஜி, தூக்கத்துக்கு எதுவும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது."

1-0-1 என்றால் எத்தனை மணிக்கு?

நம் ஊர் மருந்துச் சீட்டில் 1-0-1 என்று இருக்கும். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. மெடிக்கல் ஷாப்பில் அதையே அட்டையின் மேல் பேனாவால் கிறுக்கிக் கொடுப்பார்கள். தெரிந்தவருக்கு இது போதும். ஆனால் "காலை" என்பது பாட்டி வீட்டில் ஆறு மணியா, எட்டரை மணியா? இந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வேறு வேறு மருந்து வேளைகள் ஒளிந்திருக்கலாம்.

தைராக்சின் வெறும் வயிற்றில் போக வேண்டும். போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபிகூடக் கூடாது. காபி அந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். கால்சியம் மாத்திரை அதைவிட மோசமாகத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். சர்க்கரை மாத்திரையோ சாப்பாட்டோடு சேர்ந்தது. ஆகவே கடிகார நேரத்தை மட்டும் எழுதினால் போதாது. அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது என்பதோடு முடிச்சுப் போட வேண்டும். உறையூர் வீட்டுத் தாள் கடைசியில் இப்படி வந்தது:

காலை 6.00 – தைராக்சின் 50 மைக்ரோகிராம் – ஒன்று – வெறும் வயிறு, தண்ணீர் மட்டும். காபி 7 மணிக்கு.

காலை 8.30 – கிளிமிபிரைடு 1 மி.கி. + மெட்ஃபார்மின் 500 மி.கி. – ஒன்று – இட்லி சாப்பிட ஆரம்பித்ததும். சாப்பிடாவிட்டால் கொடுக்காமல் டாக்டருக்குப் போன். நசுக்கக் கூடாது.

காலை 8.30 – அம்லோடிபின் 5 மி.கி. – ஒன்று – ரத்த அழுத்தத்துக்கு.

மதியம் 1.30 – கால்சியம் 500 மி.கி. – ஒன்று – சாப்பாட்டுக்குப் பின்.

இரவு 8.00 – மெட்ஃபார்மின் எஸ்.ஆர். 500 மி.கி. – ஒன்று – சாப்பாட்டோடு. நசுக்கக் கூடாது.

இரவு 9.00 – டோனெபெசில் 10 மி.கி. – ஒன்று – மறதிக்கு.

இது அந்த வீட்டுப் பாட்டிக்கு அவருடைய டாக்டர்கள் சொன்னது. வேறு வீட்டில் மருந்தும் அளவும் நேரமும் வேறாகத்தான் இருக்கும். எடுத்துக்கொள்ள வேண்டியது வரிகளின் அமைப்பை: நேரம், மருந்தின் பெயர், எத்தனை, எதனோடு, எதற்கு, என்ன செய்யக் கூடாது.

"சாப்பிடாவிட்டால் கொடுக்காமல் போன்" என்ற வரியை அந்த வீட்டு மகன் டாக்டரிடம் கேட்டு எழுதினார். கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் சர்க்கரையை இறக்கும். டிமென்ஷியா உள்ளவர் திடீரென்று ஒரு நாள் தட்டைத் தள்ளிவிடுவார். மாத்திரை உள்ளே, சாப்பாடு வெளியே என்றால் ஆபத்து. சர்க்கரை இறங்கினால் வியர்வை, நடுக்கம், வழக்கத்தைவிடக் குழப்பம், தூங்கி வழிதல் எல்லாம் வரும். "இன்னிக்கு மறதி ஜாஸ்தியா இருக்கு" என்று விட்டுவிட வாய்ப்பு அதிகம். வீட்டு மெஷினில் 70-க்குக் கீழே காட்டினால், விழித்திருந்து விழுங்க முடிந்தவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. இந்த நான்கு வரிகளும் தாளின் அடியில், டாக்டரின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

காய்ச்சலுக்கும் வலிக்கும் தேவைப்படும்போது மட்டும் கொடுக்கும் பாராசிட்டமாலை இந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அதற்குக் கீழே தனிக் கட்டம் வேண்டும்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எதற்காக, யார் கொடுத்தது. அதற்கு மேலே, அடுத்ததைக் கொடுக்க எத்தனை மணி நேரம் இடைவெளி, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று டாக்டர் சொன்னது. மருமகள் நான்கு மணிக்குக் கொடுத்ததை மகன் ஐந்து மணிக்குத் திரும்பக் கொடுப்பது பெரும்பாலும் இந்த மாத்திரையில்தான் நடக்கும்.

எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

இந்தத் தாளைப் படிக்கப்போவது கவனித்துக்கொள்பவர். பல வீடுகளில் அவருக்கே அறுபது, எழுபது வயது. இரவு ஒன்பது மணிக்கு, கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் படிக்கிறார். பார்வை மங்கியவர்களுக்கான பெரிய எழுத்து அச்சு என்றால் 16 அல்லது 18 பாயின்ட்டில் தொடங்குகிறது. அது கையில் பிடித்துப் படிக்கும் புத்தகத்துக்கு. சுவரில் ஒட்டி, நின்றபடி படிக்கும் தாளுக்கு மருந்தின் பெயரும் நேரமும் 24 பாயின்ட்டாவது வேண்டும். குறிப்புகள் 18-க்குக் கீழே இறங்கக் கூடாது. தமிழ் எழுத்தில் மேலே விசிறியும் கீழே கொக்கியும் வருவதால் வரிக்கு வரி ஒன்றரை இடைவெளி விட்டால்தான் புள்ளி தெரியும். கம்ப்யூட்டரில் Noto Sans Tamil போன்ற, கோடு ஒரே தடிமனாக வரும் எழுத்துரு போதுமானது. கையால் எழுதுவதென்றால் பால்பாயின்ட் வேண்டாம். கறுப்பு மார்க்கர் பேனா.

ஏ4 தாளைக் குறுக்காக வைத்தால் இந்த அளவில் ஆறேழு வரிதான் கொள்ளும். அதற்கு மேல் மருந்து இருந்தால் எழுத்தைச் சுருக்கக் கூடாது. காலைக்கு ஒரு தாள், மாலைக்கு ஒரு தாள் என்று பிரித்துக்கொள்ளலாம்.

சில சின்ன விஷயங்களில் பெரிய தவறு நடக்கும். "½" என்று எழுதினால் மங்கிய கண்ணுக்கு 1 போலவோ 12 போலவோ தெரியலாம். "அரை" என்று எழுத்தால் எழுத வேண்டும். ஒரு மி.கி. என்பதை "1.0" என்று எழுதினால் புள்ளி தெரியாமல் பத்தாகிவிடும், "1" என்றே எழுதுங்கள். மைக்ரோகிராமும் மில்லிகிராமும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் உள்ளவை. மைக்ரோகிராமைச் சுருக்காமல் முழுதாக எழுத வேண்டும். பச்சைக் கட்டம் காலை, சிவப்புக் கட்டம் இரவு என்று நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. காலை வரிக்குச் சூரியனும் இரவு வரிக்கு நிலாவும் வரைந்தால் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். பளபளவென்று லேமினேட் செய்தால் விளக்கு வெளிச்சம் பட்டு நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும். சாதாரணத் தாளே நல்லது, அல்லது மங்கலான லேமினேஷன்.

தீர்ந்துபோன அட்டையில் பெயர் இருக்கும் துண்டை வெட்டி அந்தந்த வரியின் ஓரத்தில் ஒட்டலாம். அடுத்த மாதம் கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் "இது அதுதானா?" என்ற கேள்வி அங்கேயே எழும். சின்ன எழுத்துப் பெயரும் அளவும் பொருந்தினால் புதுத் துண்டை ஒட்டிக்கொள்ளலாம்; பொருந்தாவிட்டால் கடைக்காரரிடம் திரும்பப் போக வேண்டும். மாத்திரையையே தாளில் ஒட்டக் கூடாது.

தாளை ஒட்ட வேண்டிய இடம் சமையலறை அலமாரிக் கதவின் உட்புறம். அதே அலமாரியில் மருந்துப் பெட்டி, பூட்டுடன். பாட்டி கண்ணில் படும் இடத்தில் ஒட்டினால், தாளைப் பார்த்துத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வார், அல்லது "எனக்கு எதுக்கு இவ்வளவு மருந்து?" என்று நாளெல்லாம் கவலைப்படுவார்.

எப்போது கையெழுத்துப் போடுவது

ஒவ்வொரு மருந்து வரிக்கும் வலப்பக்கம் ஏழு கட்டம், திங்கள் முதல் ஞாயிறு வரை. கொடுத்தவர் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட வேண்டும். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்ததும் எழுதினால் அந்தத் தாளுக்குப் பயனில்லை. கையில் கொடுத்ததும் எழுதினாலும் அப்படித்தான். விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

காலை எட்டரை மணி. பாட்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். இரண்டு வாய் இட்லி உள்ளே போயாயிற்று. மருமகள் ஒரே ஒரு மாத்திரையை உள்ளங்கையில் வைக்கிறார். "அத்தை, சுகர் மாத்திரை." தண்ணீர் டம்ளரை மறு கையில் கொடுக்கிறார். பாட்டி வாயில் போட்டு, குடித்து, டம்ளரை வைக்கிறார். மருமகள் உடனே எழுந்துவிடவில்லை. "சட்னி காரமா இருக்கா அத்தை?" என்று கேட்கிறார். பதில் சொல்லும்போது கன்னத்தில் ஏதாவது புடைத்திருந்தாலோ, நாக்குக்கடியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, இன்னும் ஒரு மடக்குத் தண்ணீர். கன்னத்தில் ஒதுக்கிவைத்துப் பிறகு சேலை மடிப்பில் துப்புவது இந்த நோயில் அடிக்கடி நடக்கும். வாய் காலியானதும் அலமாரிக்குப் போய் ஒரு எழுத்து. பிறகு அடுத்த மாத்திரை.

"வேண்டாம் போ" என்று தள்ளினால் வாதாடிப் பயனில்லை. பதினைந்து இருபது நிமிடம் விட்டு, அப்போதுதான் முதல் முறை கேட்பதுபோல் கேட்டால் பல நாள் வாங்கிக்கொள்வார். தொடர்ந்து மறுத்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சிரப்பாகவோ வேறு வடிவிலோ மாற்ற முடியலாம். சோற்றில் பொடித்துக் கலக்கும் யோசனை எல்லா வீட்டிலும் வரும். பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று இருக்கும் மாத்திரைகள் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்படி செய்யப்பட்டவை. பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கிவிடும். அதற்காகத்தான் "நசுக்கக் கூடாது" என்று வரியிலேயே எழுதியது.

கட்டத்தை எந்த நாளும் காலியாக விடக் கூடாது. மறுத்தால் "ம", துப்பினால் "து", வாந்தி எடுத்தால் "வா". காலிக் கட்டம் இருந்தால் கொடுக்க மறந்தார்களா, எழுத மறந்தார்களா என்று அடுத்தவருக்குத் தெரியாது. அந்தச் சந்தேகம் வந்துவிட்டால், சந்தேகத்தின் பேரில் இன்னொன்று கொடுக்கக் கூடாது. மாத்திரை அட்டையை எண்ணிப் பார்க்கலாம். அப்போதும் தெளியாவிட்டால் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேட்கலாம். விட்டுப்போனதை ஈடுகட்ட அடுத்த வேளை இரண்டாகக் கொடுப்பதும் கூடாது. இன்சுலின் போடுபவருக்கு இந்த விதிகளை டாக்டரிடம் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

மாத்திரைக்குப் பதில் ரிவாஸ்டிக்மின் பேட்ச் ஒட்டும் வீடுகளில் கட்டம் கொஞ்சம் மாறும். பழைய பேட்ச்சை எடுக்காமல் புதியதை ஒட்டிவிடுவது உலகமெங்கும் நடக்கும் தவறு; இரண்டு மூன்று ஒன்றாக ஒட்டியிருந்தால் கடும் வாந்தி, நாடித்துடிப்புக் குறைவு, மயக்கம் வரை போகும். அதனால் ஒரே வேளைக்கு இரண்டு கட்டம்: "பழையது எடுத்தேன்", "புதியது ஒட்டினேன்". பக்கத்தில் முதுகின் படம் வரைந்து, இன்று ஒட்டிய இடத்தில் தேதி போட வேண்டும். அதே இடத்துக்குத் திரும்ப இரண்டு வாரமாவது ஆக வேண்டும்.

நாள் நடைமுறைத் தாள்

இரண்டாவது தாள் நாளின் ஒழுங்குக்கு. எழுந்திருப்பது, காபி, குளியல், சாப்பாடு, சாயங்காலம், படுக்கை. நேரங்களை நம் வசதிப்படி வகுத்துவிட்டு அவரை அதற்குள் இழுக்க முயன்றால் தினமும் சண்டைதான். நோய் வருவதற்கு முன் அவர் நாள் எப்படி ஓடியது என்பதை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். உறையூர் பாட்டி ஐம்பது வருடமாக விடிகாலையில் எழுந்தவர். குளித்துவிட்டு விளக்கேற்றிய பிறகுதான் சாப்பாடு. குளியலைப் பதினொரு மணிக்குத் தள்ளினால் அவர் மறுப்பார். ஏழரைக்கு வைத்தால் தானே பாத்ரூம் பக்கம் நடப்பார்.

ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், அவர் தானாக எவ்வளவு செய்வார் என்பதை எழுத வேண்டும். "குளியல்" என்று மட்டும் எழுதினால் புதிதாக வரும் உதவியாளருக்கு ஒன்றும் தெரியாது. உறையூர் வீட்டுத் தாளில் அந்த வரி இப்படி இருக்கிறது: "காலை 7.30 குளியல். மாற்றுச் சேலையை முதலிலேயே எடுத்து வைக்கவும். வெந்நீரை அவர் கையாலேயே தொட்டுப் பார்க்கச் சொல்லவும். தலையில் திடீரென்று ஊற்றினால் பயப்படுவார், காலிலிருந்து தொடங்கவும். சோப்பைக் கையில் கொடுத்தால் தானே தேய்த்துக்கொள்வார். முதுகுக்கு மட்டும் நாம்." இவ்வளவு எழுதியிருந்தால், மருமகள் ஊருக்குப் போன நாளிலும் பாட்டி அதே பாட்டியாகக் குளிப்பார். தானே சோப்புத் தேய்க்கக்கூடியவருக்கு நாம் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தால், அந்தத் திறமையும் சீக்கிரம் போய்விடும்.

சாயங்காலத்துக்குத் தனி இடம் வேண்டும். பொழுது சாயும்போது பலருக்கு அமைதியின்மை கூடும். "வீட்டுக்குப் போகணும்" என்று சொந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு சொல்வார்கள். இருட்டும் நிழலும் களைப்பும் இதைக் கூட்டுகின்றன. ஆகவே தாளில்: "மாலை 4 – காபி, அதன்பின் காபி கிடையாது. 5.30 – இருட்டும் முன் எல்லா விளக்கும். ஜன்னல் திரை மூடவும். கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை யாரோ என்று நினைப்பார். 5.45 – கீரை ஆய, பட்டாணி உரிக்கக் கொடுக்கவும்." கைக்கு வேலை இருந்தால் வாசலுக்கு நடப்பது குறையும். பகலில் இரண்டு மணிக்கு ஒரு தடவை பாத்ரூமுக்கு அழைத்துப்போவதும், அப்போதே அரை டம்ளர் தண்ணீர் கொடுப்பதும் தாளில் இருக்க வேண்டும். தாகம் எடுப்பதையும் சிறுநீர் வருவதையும் அவர் சொல்லாமல் போகலாம்.

தாளின் அடியில் நான்கே கேள்வி: எப்படிச் சாப்பிட்டார், மலம் கழித்தாரா, இரவு எத்தனை முறை எழுந்தார், எதற்காவது கலங்கினாரா. ஒரு சொல்லில் பதில் போதும். பத்துக் கேள்வி வைத்தால் மூன்றாம் நாள் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

பாட்டி பார்ப்பதற்கென்று வைப்பது இந்த இரண்டும் சேராத ஒரு தனி அட்டை. வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் அவர் படிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். நோயின் ஆரம்ப, நடுக் கட்டங்களில் பலருக்குப் படிக்கும் திறன் தங்கியிருக்கும். அதில் அரை விரல் உயர எழுத்தில் ஒன்றிரண்டு வரிதான்: "இன்று செவ்வாய்க்கிழமை. நீங்கள் உங்கள் வீட்டில் இருக்கிறீர்கள்." மாலை மகன் வருவான் என்று காலையிலேயே எழுதி வைத்தால், காலையிலிருந்தே வாசலில் காத்து நிற்பார். அதை மூன்று மணிக்கு மேல்தான் மாட்ட வேண்டும்.

தாள் மாறும் நாள்

எல்லாம் ஒழுங்காக இருக்கும் வீட்டிலும் தவறு நுழைவது மருந்து மாறும் நாளில்தான். குறிப்பாக ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில். டிஸ்சார்ஜ் சீட்டில் சில மருந்துகள் நின்றிருக்கும், சில புதிதாக வந்திருக்கும். வீட்டு அலமாரியில் பழைய அட்டைகள் அப்படியே காத்திருக்கும். அன்றைக்கே பழைய தாளையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பக்கத்தில் வைத்து, வரிக்கு வரி "இது தொடர்கிறதா, நின்றதா?" என்று வார்டிலேயே கேட்டுவிட வேண்டும். தாளின் தலைப்பில் எழுதிய தேதி பெரிதாக இருக்கட்டும். மாற்றம் வந்தால் அடித்துத் திருத்தாமல் புதிதாக எழுதி, பழையதைக் கழற்றிக் கோப்பில் போட்டு, நின்றுபோன அட்டைகளை அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும். புதுத் தாளைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டால் வெளியூர் மகளும் அதையே பார்ப்பார்.

உறையூர் வீட்டுக்கு அப்படி ஒரு நாள் வந்தது. நரம்பியல் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மகன் நான்கு வாரத் தாள்களையும் எடுத்துப் போனார். "ராத்திரி அம்மா தூங்கறதே இல்ல, கெட்ட கனவு கண்டு கத்தறாங்க, தூக்க மாத்திரை தர்றீங்களா டாக்டர்?" என்பதுதான் அவர் கேட்க நினைத்தது. மருத்துவர் தாள்களைப் புரட்டினார். டோனெபெசில் 5-லிருந்து 10 மி.கி. ஆன வாரத்தில்தான் "இரவு எத்தனை முறை" என்ற கட்டம் ஒன்றிலிருந்து நான்காக ஏறியிருந்தது. சனிக்கிழமை பாட்டி மாத்திரையைத் துப்பிய "து" இருந்தது. அன்று இரவு எழுந்தது ஒரே முறை. ஒரு நாளை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் டோனெபெசில் இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் கெடுவதும், தத்ரூபமான கனவுகள் வருவதும் தெரிந்த விஷயம். காலையில் போட்டால் பலருக்குச் சரியாகிவிடும். மருத்துவர் தூக்க மாத்திரை எழுதவில்லை. டோனெபெசிலைக் காலைக்கு மாற்றினார். அந்த மருந்து நாடித்துடிப்பைக் குறைக்கக்கூடும் என்பதால் நாடியையும் பார்த்து, தலைசுற்றலோ மயக்கமோ வந்தால் உடனே சொல்லச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தாளைத் திருத்தும்போது மருமகளுக்கு ஒரு கேள்வி எழுந்தது. இன்று செவ்வாய், இன்று இரவும் கொடுத்து, நாளைக் காலையும் கொடுத்தால் பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டாகிவிடாதா? போன் செய்து கேட்டார்கள். பதிலைப் புதுத் தாளின் தலையிலேயே, மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக எழுதினார்: "டோனெபெசில் – செவ்வாய் இரவு இல்லை. புதன் காலை 8.30 முதல்." இரவு வேலை முடிந்து பத்து மணிக்கு வரும் மகனுக்கு யாரும் எழுந்து விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.